குன்னூர் டீத்தூள் பிராண்டுக்கு விலை போடுவது எப்படி?

குன்னூரில் ஒரு நடுத்தரத் தேயிலைக் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு விற்பனை 60 கோடி ரூபாய் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். பங்குதாரர் ஒருவர் விலகப்போகிறார். "பாக்கெட்டில் இருக்கிற பெயருக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார்.

முதல் படி, அந்தப் பெயரில் எவ்வளவு விற்கிறது என்று பிரிப்பது. 60 கோடியில் 20 கோடிக்கான தூள் மூட்டையாக ஏலத்துக்குப் போகிறது. கடைக்காரர் கேட்டு வாங்கும் பாக்கெட் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது 40 கோடி மட்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாவது படி, செலவு முறை. பெயர்ப் பதிவு, பாக்கெட் வடிவமைப்பு, விளம்பரம் என்று இதுவரை செலவழித்ததை இன்றைய விலைக்கு மாற்றிக் கூட்டினால் 3 கோடி வருகிறது. ஆனால் யாரும் பார்க்காத விளம்பரத்துக்குக் கொட்டிய பணமும் இதில் சேர்ந்துவிடும். புத்தம்புது பிராண்டுக்கு இது ஓரளவு பொருந்தும். பழைய பெயருக்கு நான் இதை நம்புவதில்லை.

அடுத்தது சந்தை முறை. இதே அளவுள்ள வேறொரு டீத்தூள் பிராண்ட் என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பது. கேட்க எளிது. ஆனால் சிறிய பிராண்டுகளின் விற்பனை விலை பெரும்பாலும் வெளியே வராது. வந்தாலும் ஃபேக்டரி, நிலம், சரக்கு எல்லாம் சேர்ந்த ஒரே தொகையாகத்தான் இருக்கும்.

கடைசியாக வருமான முறை. இதில் ராயல்டி சேமிப்புக் கணக்கு எளிது. இந்தப் பெயர் நம்முடையதாக இல்லாமல், வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கட்டியிருப்போம்? விற்பனையில் 3 சதவீதம் என்று வைத்தால் 1.2 கோடி. 25 சதவீத வரி போனால் மீதி 90 லட்சம். பெயரை வாங்குபவர் போட்ட பணத்துக்கு எதிர்பார்க்கும் வருவாய் விகிதம் 15 சதவீதம், இந்தச் சேமிப்பின் ஆண்டு வளர்ச்சி தொடர்ந்து 5 சதவீதம் என்றால்:

```
90 லட்சம் ÷ (0.15 − 0.05) = 9 கோடி
```

சரி, இந்த 9 கோடி எவ்வளவு உறுதி? ராயல்டியை 2 சதவீதமாக்குங்கள், 6 கோடியாக இறங்கும். 3 சதவீதத்திலேயே வளர்ச்சியை 7 ஆக்கினால் 11 கோடியைத் தாண்டும். அதனால் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் 6 முதல் 9 கோடி என்று எழுதுங்கள். மேல்பக்கம் போக எனக்குத் துணிச்சல் இல்லை. பாக்கெட் தொழிலில் லாபமே 8 சதவீதம் என்றால், அதில் 3 சதவீதத்தைப் பெயருக்கு மட்டும் யார் கொடுப்பார்கள்?

அப்புறம், பாக்கெட்டில் உள்ள "நீலகிரி" என்ற சொல் கம்பெனியின் சொத்து இல்லை. நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைத் தனியொருவர் விற்க முடியாது. ஆட்கள் ஊர்ப் பெயருக்காக வாங்குகிறார்களா, உங்கள் பெயருக்காகவா என்று மேட்டுப்பாளையத்தில் நாலு கடையில் விசாரியுங்கள். "ஏதாவது நீலகிரி டீ கொடுங்க" என்பவர்களே அதிகம் என்றால் ராயல்டியைக் குறையுங்கள்.

வர்த்தகக் குறிப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அது கம்பெனி பெயரில் இல்லாமல் தாத்தா பெயரிலேயே இருந்தால், அந்த 6 முதல் 9 கோடியைக் கம்பெனியின் மதிப்பில் சேர்க்க முடியாது.