வரையறுத்த தொகையிடலில் மைனஸ் எங்கே தொலைகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் நான் முதலில் கொடுத்துப் பார்க்கும் கணக்கு இது. சார்பு என்னவென்றே சொல்ல மாட்டேன். இரண்டு மதிப்புகளை மட்டும் தருவேன்.

∫₁⁵ f(x) dx = 7
∫₃⁵ f(x) dx = −2
அப்படியானால் ∫₃¹ f(x) dx எவ்வளவு?

5, −5, 9, −9 என்று நான்கு விடைகளும் வரும். கூட்டல் கழித்தல் தெரியாததால் வருகிற பிழை அல்ல இது. எண்கள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். குறி தடுமாறுகிறது, அவ்வளவுதான். அது தடுமாறுவதற்குக் காரணம், தொகையீட்டை வெறும் பரப்பளவு என்று மனதில் பதித்துக்கொள்வது. பரப்பளவுக்குத் திசை கிடையாது. தொகையீட்டுக்கு உண்டு.

கீழ் எல்லை என்றால் புறப்படும் இடம், மேல் எல்லை என்றால் போய்ச் சேரும் இடம். கீழே எழுதுவது சிறிய எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ∫₅² 3 dx என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 5இலிருந்து 2க்கு வருகிறோம். இடைவெளியை n துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் அகலமும் (2 − 5)/n. அதாவது அகலமே மைனஸ். உயரம் 3 மாறவே இல்லை, ஆனாலும் கூட்டுத்தொகை 3 × (−3) = −9. எல்லைகளை மாற்றினால் குறி மாறும் என்ற விதிக்கு இதுதான் காரணம். மைனஸ் f(x)இல் இல்லை, dxஇல் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதன் பின்னாலேயே வரும்.

இப்போது முதல் கணக்குக்கு வருவோம். 3இலிருந்து 1க்குப் போக வேண்டும். நம்மிடம் உள்ள இரண்டு மதிப்புகளும் 5ஐத் தொடுகின்றன. ஆகவே 3இலிருந்து 5க்குப் போய், அங்கிருந்து 1க்குத் திரும்பலாம்.

∫₃¹ f = ∫₃⁵ f + ∫₅¹ f = −2 + (−7) = −9

இதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், 5 நடுவுலயே இல்லையே, அதுல எப்படிப் பிரிக்கலாம்?" பிரிக்கும் புள்ளி இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது படத்தைப் பார்த்துப் பழகியதால் வந்த நம்பிக்கை. விழுப்புரத்தில் ஏறி திருச்சியில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போய் மதுரை வரை சென்று திரும்பினாலும், கடைசியில் திருச்சியில்தான் நிற்கிறார். கூடுதலாகப் போன தூரமும் திரும்பி வந்த தூரமும் ஒன்றையொன்று அடித்துவிடும். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ∫₀² 2x dx நேரடியாகவே 4. அதை 5 வழியாகப் போட்டால் ∫₀⁵ 2x dx = 25, ∫₅² 2x dx = 4 − 25 = −21. கூட்டினால் அதே 4. போகும் வழி முழுவதும் சார்பு ஒழுங்காக இருந்தால் போதும். அந்த நிபந்தனையைக் கடைசியில் மீண்டும் சந்திப்போம்.

சரி, 5, −5, 9 எல்லாம் எங்கிருந்து வந்தன? 7 − 2 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 5. அதற்கு முன்னால் எல்லை மாறியதற்கான மைனஸை மட்டும் ஞாபகம் வைத்துச் சேர்த்தால் −5. 7 − (−2) வரை சரியாகப் போட்டுவிட்டு, கேட்டது 3இலிருந்து 1க்கு என்பதைக் கவனிக்காவிட்டால் 9. எந்தத் தவறான விடையைப் பார்த்தாலும் மாணவர் எந்த வரியில் சறுக்கினார் என்று சொல்லிவிடலாம்.

மைனஸ் அதிகம் தொலைவது பிரதியிடலில். ∫₀³ x√(9 − x²) dx கணக்கைப் பார்ப்போம். u = 9 − x² என்றால் du = −2x dx, ஆகவே x dx = −du/2. x = 0 ஆகும்போது u = 9. x = 3 ஆகும்போது u = 0. கணக்கு இப்படி மாறுகிறது:

−½ ∫₉⁰ √u du

கீழே 9, மேலே 0. இதைக் கண்டதும் பலருக்குக் கை உறுத்தும். "பெரியது மேலேதானே இருக்கணும்" என்று யாரும் கேட்காமலேயே 0ஐக் கீழேயும் 9ஐ மேலேயும் எழுதிவிடுவார்கள். முன்னால் இருக்கும் −½ அப்படியே நிற்கும். விடை −9 என்று வரும். எல்லைகளைத் திருப்பியது தவறே இல்லை, தாராளமாகத் திருப்பலாம். ஆனால் திருப்பும்போது ஒரு மைனஸைக் கொடுத்தாக வேண்டும். அது ஏற்கெனவே நிற்கும் மைனஸோடு சேர்ந்து பிளஸ் ஆகிவிடும்:

½ ∫₀⁹ √u du = ½ × ⅔ × 27 = 9

இன்னொரு வகையினர் எல்லைகளை மாற்றவே மறந்து, u வந்த பிறகும் 0, 3 என்றே வைத்திருப்பார்கள். அவர்களுக்கு −√3 கிடைக்கும். இரண்டு பிழைகளையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். 0இலிருந்து 3 வரை x√(9 − x²) எங்குமே பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை, நாமும் இடமிருந்து வலமாகத்தான் போகிறோம். பிறகு விடை எப்படி மைனஸ் ஆகும்? கணக்கு முடிந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்க ஐந்து வினாடி ஆகாது.

எல்லைகளை ∫ குறியின் காலிலும் தலையிலும் எழுதும் வழக்கம் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியேவிடமிருந்து வந்தது. 1822இல் வெளியான வெப்பம் பற்றிய அவருடைய நூல் அதைப் பரவலாக்கியது. வசதியான வழக்கம்தான். ஆனால் 'எங்கிருந்து, எங்கே' என்பதை 'கீழே, மேலே' என்று மாற்றிவிட்டதால், சிறியது கீழே பெரியது மேலே என்ற எண்ணத்துக்கும் அதுவே இடம் கொடுத்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது நடுவில் பிரிக்கும் விதி. 0இலிருந்து 2a வரையுள்ள தொகையீட்டை aஇல் இரண்டாக வெட்டுகிறோம். இரண்டாவது பாதி ∫ₐ²ᵃ f(x) dx. இதில் x = 2a − t என்று போட்டால் dx = −dt. x = a என்றால் t = a, x = 2a என்றால் t = 0. ஆக −∫ₐ⁰ f(2a − t) dt. எல்லைகளைத் திருப்பினால் மைனஸ் தீர்ந்து ∫₀ᵃ f(2a − t) dt ஆகிறது. t என்பது வெறும் பெயர், அதை x என்றே எழுதலாம். முடிவு:

∫₀²ᵃ f(x) dx = ∫₀ᵃ [f(x) + f(2a − x)] dx

f(2a − x) = f(x) என்றால் பாதியை இரட்டிப்பாக்கலாம். f(2a − x) = −f(x) என்றால் விடை 0. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, எதைச் சோதிக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள். ∫₀^π cos x dx கணக்கில் இது அம்பலமாகும். "cos இரட்டைச் சார்பு, அதனால் 2∫₀^(π/2) cos x dx, விடை 2" என்று எழுதுவார்கள். cos இரட்டைச் சார்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது cos(−x) பற்றிய செய்தி. எல்லைகள் −aஇலிருந்து a வரை இருந்தால் மட்டுமே அது உதவும், ஏனென்றால் அங்கே நடுப்புள்ளி 0. இங்கே நடுப்புள்ளி π/2. நாம் பார்க்க வேண்டியது cos(π − x). அது −cos x. விடை 0.

சார்பை எந்தக் கண்ணாடியில் பார்ப்பது என்பதை எல்லைகள்தான் முடிவுசெய்கின்றன, சார்பு அல்ல. அதே 0, π எல்லைகளில் cos²x வந்தால் −cos xஇன் வர்க்கம் மறுபடியும் cos²x ஆவதால் இரட்டிப்பாக்கலாம், விடை π/2. cos³x வந்தால் மைனஸ் தப்பி நிற்கும், விடை 0.

நடுவில் பிரிப்பதைப் பழகியவர்கள் அடுத்துத் தடுமாறுவது மட்டுச் சார்பில். ∫₀³ |x² − 2x| dx என்றால் எங்கே பிரிப்பது? நடுப்புள்ளி 1.5இல் வெட்டி ஒரு பயனும் இல்லை. உள்ளே இருப்பது குறி மாறும் இடத்தில் வெட்ட வேண்டும். x² − 2x = x(x − 2). 0க்கும் 2க்கும் இடையே அது மைனஸ், 2க்குப் பிறகு பிளஸ். ஆகவே முதல் துண்டில் 2x − x², இரண்டாவதில் x² − 2x.

முதல் துண்டு ∫₀² (2x − x²) dx = 4 − 8/3 = 4/3. இரண்டாவது துண்டில் எதிர்வகையீடு x³/3 − x². 3இல் அதன் மதிப்பு 9 − 9 = 0. 2இல் 8/3 − 4 = −4/3. மேலிருந்து கீழைக் கழிக்க வேண்டும்: 0 − (−4/3) = 4/3. இங்கே அடைப்புக்குறி போடாமல் 0 − 4/3 என்று எழுதுபவர்களுக்கு இரண்டு துண்டுகளும் சேர்ந்து 0 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், மட்டுக்குறியையே கவனிக்காமல் ∫₀³ (x² − 2x) dx போட்டவருக்கும் 0தான் வரும். இருவரும் விடையை ஒப்பிட்டு, ஒரே மாதிரி வந்ததால் சரி என்று முடிவுசெய்வதை நான் பார்த்திருக்கிறேன். சரியான விடை 8/3.

மட்டுக்குறி சில சமயம் ஒளிந்துகொண்டும் வரும். ∫₀^π √(1 + cos 2x) dx கணக்கில் மூலக்குறிக்குள் இருப்பது 2cos²x. அதன் வர்க்கமூலம் √2 cos x அல்ல, √2 |cos x|. மட்டை விட்டவருக்கு 0 வரும், π/2இல் பிரித்தவருக்கு 2√2 வரும்.

போகும் வழி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? ∫₋₁¹ dx/x² கணக்கில் எதிர்வகையீடு −1/x. மேல் எல்லையில் −1, கீழ் எல்லையில் 1, கழித்தால் −2. எல்லா வரியும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 1/x² எங்குமே மைனஸ் ஆகாது, எல்லைகளும் −1இலிருந்து 1 என்று நேராகவே உள்ளன. −2 வர வழியே இல்லை. இங்கே நாம் தொலைத்தது மைனஸ் அல்ல. வழியில் 0 இருக்கிறது, அங்கே சார்பு வரையறுக்கப்படவே இல்லை. 0இல் பிரித்து வலது பாதியை மட்டும், 0க்குச் சற்று மேலே உள்ள hஇலிருந்து 1 வரை போட்டுப் பாருங்கள்: 1/h − 1. h = 0.01 என்றால் 99, h = 0.001 என்றால் 999. hஐக் குறைக்கக் குறைக்க அது ஏறிக்கொண்டே போகிறது. இந்தத் தொகையீட்டுக்கு மதிப்பே கிடையாது.