எஸ் வளைவின் தொடக்கத்தை நீட்டிப் பார்த்தால் 86 மடங்கு தப்பாவது எப்படி: ஈஸ்ட் கணக்கு

ஒரு பொருள் கொஞ்ச நாளாக மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்றால், அதே வேகத்தை முன்னுக்கு நீட்டி “அடுத்த வருடம் இவ்வளவு” என்று சொல்லத் தோன்றும். வளர்ச்சி எஸ் வடிவத்தில், அதாவது முதலில் வேகமாக ஏறிப் பிறகு ஒரு வரம்பை ஒட்டி நின்றுவிடும்படி போகிறதென்றால் அந்தக் கணிப்பு லேசாகத் தவறாது, படுமோசமாகத் தவறும். ஏன் என்பதை ஒரு பழைய ஆய்வுக்கூட அளவீட்டை வைத்து நாமே போட்டுப் பார்ப்போம். எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும்.

1. எண்களை உள்ளிடுங்கள்

டோர் கார்ல்சன் என்பவர் 1913ல் வெளியிட்ட ஈஸ்ட் அளவீடு இது. பிறகு உயிரியலாளர் ரேமண்ட் பெர்ல் இதை எடுத்தாண்டதால், எஸ் வளைவு பற்றிய பாடங்களில் இன்றும் அடிக்கடி தென்படும். ஒரு திரவத்தில் ஈஸ்ட்டை விட்டு, மணிக்கு ஒருமுறை அதன் அளவைப் பார்த்திருக்கிறார்கள். A2 முதல் A20 வரை மணி (0 முதல் 18), B2 முதல் B20 வரை அளவு:

```
 0   9.6     7  257.3    13  629.4
 1  18.3     8  350.7    14  640.8
 2  29.0     9  441.0    15  651.1
 3  47.2    10  513.3    16  655.9
 4  71.1    11  559.7    17  659.6
 5 119.1    12  594.8    18  661.8
 6 174.6
```

2. முதல் 6 மணி நேரம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்

B8க்குக் கீழே உள்ளதை இன்னும் யாரும் அளக்கவில்லை. கையில் ஏழு புள்ளிகள்தான். அவற்றின் மேல் மடங்கு வளர்ச்சிக் கோட்டைப் பொருத்தி நீட்ட E2ல் இதைப் போட்டு E20 வரை இழுங்கள்:

```
=GROWTH($B$2:$B$8,$A$2:$A$8,A2)
```

அப்புறம் பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்க்க, காலியான ஒரு கட்டத்தில்:

```
=INDEX(LOGEST(B2:B8,A2:A8,TRUE,TRUE),3,1)
```

0.996 என்று வரும். 1 வந்தால் அப்பழுக்கில்லாத பொருத்தம், ஆகவே 0.996ஐப் பார்க்கும் எவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். இப்போது E20ஐப் பாருங்கள். 18ஆவது மணிக்குச் சுமார் 56,900 என்கிறது. உண்மையில் அளந்தது 661.8. அதாவது 86 மடங்கு அதிகம்.

இந்தப் பெரிய எண் எங்கிருந்து வந்தது? பொருத்திய கோடு மணிக்கு 1.61 மடங்கு என்கிறது. அதையே இன்னும் 12 மணி நேரம் பெருக்கிக்கொண்டே போனால் 300 மடங்கைத் தாண்டிவிடும். ஈஸ்ட்டோ அந்த 12 மணி நேரத்தில் வெறும் 3.8 மடங்குதான் பெருகியது. மணிக்கு மணி ஏற்படும் சின்ன வித்தியாசமும் பெருக்கலில் சிக்கினால் இப்படித்தான் ஆகும். கூட்டலில் வரும் பிழை இந்த அளவுக்கு ஊதாது.

3. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை மடங்கு என்று பாருங்கள்

C3ல் `=B3/B2` என்று போட்டுக் கீழே இழுங்கள். முதல் சில மணிகளில் 1.91, 1.58, 1.63, 1.51, 1.68, 1.47, 1.47 என்று வரும். பிறகு 1.36, 1.26, 1.16, 1.09 என்று இறங்கி, கடைசியில் 1ஐ ஒட்டி நின்றுவிடும்.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை வெளிவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருகச் சர்க்கரை குறைகிறது, ஆல்கஹால் சேர்ந்து வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம்: எஸ் வளைவில் தொடக்க கால மடங்குதான் இருப்பதிலேயே பெரியது. அதையே எடுத்து நீட்டினால் பிழை எப்போதும் மேல்பக்கம்தான் போகும். சில சமயம் கூடும், சில சமயம் குறையும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இங்கே வழியில்லை.

4. உச்சவரம்பு ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

“சரி, மடங்கு இறங்குவதைத்தான் முதலிலேயே கவனித்துவிட்டால் ஆயிற்றே?” என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் எனக்குச் சுவாரஸ்யம் அதிகம்.

மடங்கு இறங்குவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. உச்சவரம்பு K, இப்போதைய அளவு N, கூட்டம் மிகச் சிறியதாக இருக்கும்போது உள்ள மடங்கு R என்றால், அடுத்த மணிக்கான மடங்கு:

```
R / (1 + (R-1)*N/K)
```

முழுத் தரவுக்கும் ஓரளவு பொருந்துவது R = 1.72, K = 663. இப்போது 4ஆவது மணிக்குப் போவோம். N = 71.1. K 663 என்றால் மடங்கு 1.60 வர வேண்டும். K 2000 என்றால் 1.68. உண்மையில் அளந்ததும் 1.68. அதாவது வரம்பு 2000 என்று சொல்பவர் பக்கம் சாய்கிறது! அடுத்த மணியில் 663க்கு 1.52, 2000க்கு 1.65 வர வேண்டும். அளந்ததோ 1.47, இரண்டுக்கும் கீழே. அளவீட்டில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கமே, நாம் தேடும் வித்தியாசத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கிறது. அந்தக் கட்டத்தில் 663, 2000, வரம்பே இல்லை என்ற மூன்று கதைக்கும் தரவு ஏறக்குறைய ஒரேபோல் ஒத்துப்போகும். 0.996 சொன்னது இதுவரை நடந்ததை மட்டும்தான். கூரை எங்கே இருக்கிறது என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே மடங்கு வளர்ச்சிக் கோட்டை விட்டுவிட்டு, அதே ஏழு புள்ளிகளின் மேல் எஸ் வளைவைப் பொருத்தினாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது. ஒரு புள்ளி கொஞ்சம் நகர்ந்தால் K எங்கேயோ தாவிவிடும்.

5. கூடுதலைக் கணக்கிடுங்கள்

D3ல் `=B3-B2`. மணிக்கு எவ்வளவு கூடியது என்று காட்டும்: 8.7, 10.7, 18.2, 23.9, 48.0, 55.5, 82.7, 93.4, 90.3, 72.3, 46.4…

7ஆவது மணிக்கும் 8ஆவது மணிக்கும் இடையில் உச்சம், அதன் பிறகு இறக்கம். எஸ் வளைவின் சமச்சீரான வகையில் (லாஜிஸ்டிக் என்பார்கள்) கூடுதல் உச்சம் தொடும் இடமே பாதி வழி. அப்போது அளவு 257க்கும் 351க்கும் இடையில் இருந்தது. அதை இரட்டித்தால் சுமார் 515 முதல் 701 வரை. உண்மையான 662 அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல 10ஆவது மணி வரை பொறுக்க வேண்டும். 90.3 மட்டும் தெரிந்தால் அது தற்செயலா என்று சந்தேகம் வரும், 72.3ம் வந்த பிறகுதான் உறுதி.

இதிலும் ஒரு எல்லை உண்டு. பெர்லும் லோவல் ரீடும் 1920ல் அமெரிக்க மக்கள்தொகைக்கு இதே வளைவைப் பொருத்தி, உச்சவரம்பு சுமார் 19.7 கோடி என்றார்கள். 1970 கணக்கெடுப்பிலேயே அது 20.3 கோடியைத் தாண்டிவிட்டது. மூடிய குடுவையில் சர்க்கரை ஒரு முறை ஊற்றியதோடு சரி. நாட்டில் விளைச்சலும் குடியேற்றமும் பிறப்பு விகிதமும் மாற மாற, வரம்பும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

6. கூடுதல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால்?

அடுத்த ஓரிரு மணிகளுக்கு மட்டும் கணித்துச் சொல்லுங்கள். நம் GROWTH கோடு 7ஆவது மணிக்கு 301 என்றது, அளந்தது 257.3, பிழை 17 சதவீதம். 8ஆவது மணிக்கு 484, அளந்தது 350.7, பிழை 38 சதவீதம். புதிய எண் வரும்போதெல்லாம் E பத்திக்கும் B பத்திக்கும் உள்ள சதவீத வித்தியாசத்தை F பத்தியில் எழுதி வாருங்கள். அது தொடர்ந்து ஒரே பக்கமாக ஏறினால், பழைய மடங்கு இனி செல்லாது. E பத்தியில் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.