குளிர் ராத்திரியில் கூடாரத்தில் தூங்க: காய்ந்த உடுப்பும் உள்ளுறையும்

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலை ஏறியபோது முதல் முகாமில் ராத்திரி இரண்டு மணிக்கு நடுங்கி எழுந்துவிட்டேன். ஸ்லீப்பிங் பேக் நல்லதுதான். ஏறும்போது வியர்த்து நனைந்த பனியனைக் கழற்றாமல் அதன்மேலேயே ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் போட்டுப் படுத்திருந்தேன். மேலே எத்தனை அடுக்கு இருந்தாலும், தோலோடு ஒட்டிய ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் முதல் இப்படித்தான் செய்கிறேன்.

தூங்குவதற்கென்று தெர்மல் மேல்சட்டை, கால்சட்டை, கம்பளிக் காலுறை, குல்லா ஒரு செட் தனியாக எடுத்து, தடித்த பாலிதீன் கவரில் காற்றை வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். பகலில் அதைத் தொடவே கூடாது.

முகாமுக்கு வந்ததும், நடந்த சூடு ஆறுவதற்குள் கூடாரத்துக்குள் போய் மாற்றிவிடுங்கள். ஜட்டி உட்பட எல்லாவற்றையும்! சாப்பிட வெளியே போகும்போது மேலே ஜாக்கெட் போட்டால் போதும். காலுறையை மட்டும் படுக்கும் நேரத்தில் மாற்றுங்கள். ஷூவுக்குள் ஈரம் இருக்கும். குளிரில் விரலுக்கு ஈரம் எது, சில்லிப்பு எது என்று தெரியாது. துணியைக் கொஞ்ச நேரம் கையிடுக்கில் வைத்து, பிறகு உதட்டில் ஒற்றிப் பாருங்கள். அப்போதும் சில்லென்றிருந்தால் ஈரம்தான்.

நனைந்த சட்டையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டு உலர்த்தப் பார்க்காதீர்கள். அந்த ஈரம் பையின் பஞ்சுக்குத்தான் போகும். காலையில் அந்த ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஏறினால் உடம்பு சூடாகிவிடும். காய்ந்த செட்டில் நடந்தால் அடுத்த ராத்திரிக்கு எதுவும் மிஞ்சாது.

அப்புறம் உள்ளுறை, அதாவது ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளும் துணிப்பையான லைனர். வாடகைப் பையின் அழுக்கும் வாடையும் நம்மேல் படாது, நம் வியர்வையும் பைக்குப் போகாது. கதகதப்பு கொஞ்சம்தான் கூடும். மெல்லிய பையை அது பனிக்கான பையாக மாற்றிவிடாது. எனக்குப் பட்டு லைனர்தான் பிடிக்கும். மடித்தால் கைக்குள் அடங்கும், திரும்பிப் படுத்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். ஃப்ளீஸ் சூடு அதிகம், ஆனால் முதுகுப்பையில் இடத்தை அடைக்கும், துணியோடு ஒட்டி முறுக்கும்.

அந்த முறுக்கல்தான் என்னைப் படுத்தியது. புரண்டு படுத்தால் முழங்காலைச் சுற்றிக்கொள்ளும். லைனரின் கால்பக்க மூலைகளில் இரண்டு நாடா தைத்து, பைக்குள் அடியில் இருக்கும் வளையங்களில் கட்டியதும் சரியானது. உங்கள் பையில் வளையம் இல்லையென்றால் லைனரை முதலில் இடுப்புவரை மாட்டிக்கொண்டு, அதோடு பைக்குள் இறங்குங்கள்.

பின்சேர்க்கை: பழைய வேட்டியில் லைனர் தைக்கலாமா என்று கருத்தில் கேட்டிருந்தார்கள். கொடைக்கானலுக்குப் போதும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பனிக்கு வேண்டாம். ஜரிகை இல்லாத பழைய மென்பட்டுப் புடவை இருந்தால் நாலரை மீட்டர் வெட்டி, நீளம் பாதியாகும்படி மடித்து, இரண்டு பக்கமும் தையுங்கள். மடிப்பு கால்பக்கம் வரட்டும். தலைப்பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தைக்காமல் விட்டால் உள்ளே நுழைய எளிது.