வாட்டர் பாட்டில் மூடியில் கறுப்புப் பூசணம்: கழற்றித் தேய்த்துக் கழுவும் முறை

பாட்டிலைத் தினமும் கழுவினாலும் பூசணம் வருவதற்குக் காரணம் மூடிதான். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷருக்கு அடியில் தண்ணீர் தங்கிவிடும், காற்றுப் படாது. ஜூஸோ பாலோ ஊற்றிக் கொடுத்திருந்தால் பூசணத்துக்குத் தீனியும் கிடைத்துவிடும். அதனால் வாஷரைக் கழற்றாமல் எவ்வளவு தேய்த்தாலும் பாதி வேலைதான் முடியும்.

மடக்கித் திறக்கும் வாயும், உள்ளே ஸ்ட்ராவும் உள்ள பாட்டிலை எடுத்துக்கொள்வோம். முதலில் ஸ்ட்ராவை உருவிவிடுங்கள். குடிக்கும் வாய் மென்மையான சிலிக்கானாக இருந்தால், மெல்லத் திருகி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வாஷரை ஸ்பூனின் காம்பால் ஓரமாக நெம்பி எடுங்கள். கத்தியும் ஊசியும் வேண்டாம். சின்னதாகக் கிழிந்தாலும் பாட்டில் ஒழுகும்.

கழற்றிய எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் சில பிளாஸ்டிக் மூடிகள் நெளிந்துவிடும், அப்புறம் சரியாக மூடாது.

இனி தேய்ப்பது. சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய டூத்பிரஷால் வாஷரின் இரு பக்கமும், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். வாய்க்கும் ஸ்ட்ராவுக்கும் ஒல்லியான ஸ்ட்ரா பிரஷ் தேவை. அதை ஒரு பக்கமிருந்து மட்டும் விடாமல் இரு முனையிலிருந்தும் விட்டுச் சுழற்றுங்கள். வாயை மடக்கும் கீல் இடுக்கையும், காற்று போகும் சிறு துளையையும் மறந்துவிடாதீர்கள். அங்கே பஞ்சுக் குச்சி நுழையும்.

சோடாவை நன்றாக அலசியபின், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நுரைதான் வரும், ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்துவிடும். வினிகரை பிளீச்சுடன் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

அலசியதும் ஈரமான வெள்ளைத் துணியால் வாஷரை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் இன்னும் பூசணம் இருக்கிறது, திரும்பவும் தேய்க்க வேண்டும். துணி சுத்தமாக இருந்தும் புள்ளி தெரிந்தால், கறை வாஷருக்குள்ளேயே இறங்கியிருக்கும். அது தேய்த்துப் போகாது. இப்படிப்பட்ட வாஷரையும், வாடை போகாத ஸ்ட்ராவையும் மாற்றிவிடுவதே நல்லது. தனி உதிரி கிடைக்காவிட்டால் மூடியையே மாற்றுங்கள்.

எல்லா பாகங்களையும் தனித்தனியாகப் பரப்பி, இரவு முழுக்கக் காய விடுங்கள். ஸ்ட்ராவைச் சாய்த்து நிறுத்தினால் உள்ளே தண்ணீர் தேங்காது. வாரம் ஒருமுறையாவது வாஷரைக் கழற்றிக் கழுவினால் இத்தனை பாடு இருக்காது.

காய்ந்தபின் வாஷரை முன்பிருந்த பக்கமாகவே பள்ளத்தில் விரலால் சுற்றி அழுத்துங்கள். தண்ணீர் நிரப்பி, மூடி, கழுவுதொட்டியின் மேல் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் கசிந்தால் வாஷர் திரும்பிப் போயிருக்கும், அல்லது எங்கோ மேலெழும்பியிருக்கும். எடுத்து மறுபடி பொருத்துங்கள்.