லாயர் கடிதத்தில் எந்தத் தேதி உங்களுடையது?

சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் 2025 மார்ச் 10, திங்கட்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் போஸ்ட் ஆபிசில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒரு உறை. ஈப்போவில் லாயர் ஆபிஸ் கிராணியாகப் பல வருஷம் இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, போலீஸ் வருமா?" இரண்டாவது, "பதினாலு நாள்னு போட்டிருக்காமே, இருபத்தி நாலாம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

முதல் கேள்விக்குப் பதில் எளிது. வாடகை பாக்கி சிவில் விவகாரம், அதற்குப் போலீஸ் வராது. ஆபத்து இரண்டாவது கேள்வியில்தான் இருந்தது. அவருக்கு இருந்தது பதினான்கு நாள் அல்ல, ஏழே நாள்.

கடிதம் மலாயில் இருந்தது. கடைக்காரத் தெரு முழுக்க இப்படித்தான் வரும். நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே இருந்த விஷயம் கொஞ்சம்தான். கடை உரிமையாளரின் லாயர் எழுதுகிறார்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாத வாடகை, மாதம் 1,200 வெள்ளி வீதம் 3,600 வெள்ளி பாக்கி. இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 14 நாளுக்குள் கட்டவேண்டும். கட்டத் தவறினால் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடும், மார்ச் 31-க்குள் கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவேண்டும். அதன் பிறகும் இருந்தால் இரட்டை வாடகை.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது. கடிதத்தில் "டாரி தாரிக் நோட்டிஸ் இனி" என்று இருந்தால் நோட்டீஸின் தேதியிலிருந்து என்று அர்த்தம். "டாரி தாரிக் பெனெரிமாஆன்" என்று இருந்தால்தான் கிடைத்த தேதியிலிருந்து. அக்காவின் கடிதத்தில் முதல் வகை. மேலே போட்டிருந்த தேதி மார்ச் 3. அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என எண்ணினால் பதினான்காவது நாள் மார்ச் 17. தபால்காரர் வந்தபோது கடையில் யாரும் இல்லை, சீட்டு போட்டுவிட்டுப் போனார், அக்கா போய் எடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. ஓடிய அந்த வாரம் அவர் கணக்கில்தான் கழிந்தது.

இதற்காகச் சிலர் பதிவுத் தபாலை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் நோட்டீஸ் பற்றி ஒரு பிரிவு இருக்கும். தபாலில் சேர்த்து இத்தனை நாள் ஆனால் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வாங்காமல் விட்டால் நாள் நிற்காது. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

நான் எப்போதும் கடைசி நாளுக்கு முந்தைய வேலை நாளைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்வேன். எண்ணுவதில் ஒரு நாள் தகராறு வந்தாலும் நம் பக்கம் பிசகாது. 17 திங்கட்கிழமை, ஆகவே நாங்கள் குறித்தது 14, வெள்ளிக்கிழமை.

இரண்டாவது தவறு, கடிதத்தில் உள்ள எல்லாத் தேதியையும் கெடுவாக நினைத்துப் பயப்படுவது. அக்காவின் மகன் மஞ்சள் மையால் ஆறு தேதிகளைக் கோடு போட்டு வைத்திருந்தான். ஒப்பந்தம் கையெழுத்தான தேதி, பாக்கி தொடங்கிய மாதம், இவையெல்லாம் கதை சொல்லும் தேதிகள், அவற்றுக்கு நாம் செய்யவேண்டியது எதுவுமில்லை. நாம் ஏதாவது செய்தாகவேண்டிய தேதிகள் இரண்டுதான்: மார்ச் 17, மார்ச் 31. அதிலும் இரண்டாவது, முதலாவதோடு கட்டப்பட்டிருந்தது.

எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டுவது ஒரு சின்னச் சொல். "ஜிக்கா காகால்", அதாவது தவறினால், என்று இருந்தால் பணம் கட்டினால் காலி செய்யவேண்டாம். "டான்", அதாவது மேலும், என்று இருந்தால் பணமும் கட்டவேண்டும், கடையையும் விடவேண்டும் என்று கேட்கிறார்கள். இதைக் கவனிக்காமல், பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்து, மாதக் கடைசியில் சாவி கேட்டபோது திகைத்தவரையும் பார்த்திருக்கிறேன். காலி செய்யவேண்டாத நிலையிலும் பயந்து சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளியவரையும் பார்த்திருக்கிறேன். அக்காவின் கடிதத்தில் "ஜிக்கா காகால்" என்றே இருந்தது.

கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். புதுப் பக்கத்தில் நான்கு கேள்விக்கு மட்டும் எழுதினோம்.

என்ன செய்யவேண்டும்: 3,600 வெள்ளி கட்டவேண்டும்.
யாரிடம்: லாயர் ஆபிசுக்கு, கடிதத்தில் உள்ள ரெஃபரன்ஸ் எண்ணோடு.
எந்த நாளுக்குள்: மார்ச் 17. நமக்கு மார்ச் 14.
செய்யாவிட்டால்: ஒப்பந்தம் முடியும், மார்ச் 31-க்குள் சாவி, பிறகு மாதம் 2,400.

அந்த மார்ச் 31 ஹரி ராயா. லாயர் ஆபிஸ் பூட்டியிருக்கும். சாவி கொடுக்கும் நிலை வந்தால் அதற்கு முந்தைய வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவேண்டும். அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.

மூன்றாவது தவறுதான் அதிகம் பணத்தைத் தின்பது: கடிதத்தில் உள்ள தொகையை அப்படியே எடுத்துக்கொள்வது. லாயர் எழுதிவிட்டார், சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். லாயர் தன் கட்சிக்காரர் சொன்னதை எழுதுகிறார், அவ்வளவுதான். அக்காவோடு உட்கார்ந்து பேங்க் கணக்கைப் பார்த்தபோது டிசம்பர் வாடகை டிசம்பர் 5-ஆம் தேதியே போயிருந்தது. மகன் தன் கணக்கிலிருந்து, விவரம் எதுவும் எழுதாமல் அனுப்பியிருந்தான். கடைக்காரரின் பெயர் இல்லாததால் உரிமையாளர் அதை வாடகையாகக் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

ஆக உண்மையான பாக்கி 2,400. அதைக் கட்டினால் போதுமா? போதாது. கடிதம் எழுதியது மார்ச் 3. ஒப்பந்தப்படி மாத வாடகை 7-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். கடிதம் அக்கா கையில் வரும்போது மார்ச் மாத வாடகையும் பாக்கியாகிவிட்டது. கடிதத்தில் அது இல்லை, இருக்கவும் முடியாது. நோட்டீஸில் உள்ள தொகை அது எழுதப்பட்ட நாளோடு நின்றுவிடும், வாடகை நிற்காது. கடிதத்தில் இல்லாத தேதியை ஒப்பந்தத்தில் தேடவேண்டியிருப்பது இதனால்தான்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சேர்ந்து மறுபடியும் 3,600. கேட்ட தொகையும் கட்டவேண்டிய தொகையும் ஒன்றாகவே வந்துவிட்டது. "அப்ப என்ன தம்பி, 3,600ஐ அனுப்பிட்டா முடிஞ்சுது" என்றார் அக்கா. அப்படி வெறுமனே அனுப்பியிருந்தால் அவர்கள் அதை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிக்கு வரவு வைத்துவிட்டு, மார்ச் பாக்கி என்பார்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பணம் கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்கவேண்டும். சொல்லாவிட்டால் வாங்குபவர் விருப்பம்.

அதனால் வெள்ளிக்கிழமை பணம் அனுப்பியபோது "சேவா ஜான், ஃபெப், மார்ச்" என்று மலாயில் விவரம் போட்டோம். அன்றே ஒரு பக்கக் கடிதம்: ரெஃபரன்ஸ் எண், இன்று கட்டிய தொகை எந்த மூன்று மாதத்துக்கு, டிசம்பர் வாடகை எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போனது, அதற்கான பேங்க் ரசீது இணைப்பு. மகன் ஈப்போவுக்கு எடுத்துப்போய்க் கொடுத்து, நகலில் லாயர் ஆபிசின் சாப் வாங்கி வந்தான். போனில் பேசிவிட்டு விடுவது எவ்வளவு மரியாதையாக முடிந்தாலும் பிறகு காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பேசினால் பேசுங்கள், அப்புறம் அதையே எழுதியும் அனுப்புங்கள்.

அடுத்தது, லாயர் கடிதத்தைக் கோர்ட் உத்தரவாக எடுத்துக்கொள்வது, அல்லது வெறும் காகிதம் என்று தூக்கிப் போடுவது. இரண்டும் தவறு. 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 7-ஆம் பிரிவுப்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் நீங்கள் உள்ளே இருந்தால் உரிமையாளர் கோர்ட் வழியாகத்தான் உங்களை வெளியேற்ற முடியும். தானாக வந்து பூட்டை மாற்றக்கூடாது. ஆனால் இதை நம்பி உட்கார்ந்திருப்பது செலவு. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, காலம் முடிந்தும் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க இடம் கொடுக்கிறது, ஆகவே கடிதத்தில் இருந்த இரட்டை வாடகை வெறும் மிரட்டல் அல்ல. இன்னொன்றும் உண்டு. 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்கு உரிமையாளர் கோர்ட்டில் மனுப் போட்டு, உங்களைக் கூப்பிட்டு விசாரிக்காமலே கடைச் சரக்கைப் பறிமுதல் செய்ய உத்தரவு வாங்கலாம். அரிசி மூட்டையும் பிரிட்ஜும் முடங்கிய பிறகு ரசீது காட்டுவதைவிட, 14 நாளுக்குள் காட்டுவது எவ்வளவோ மேல்.

கடைசியாக, உறைக்குள் இருப்பது எந்த வகைக் காகிதம் என்று பார்க்காமல் விடுவது. லாயரின் பெயர் தலைப்பில் இருந்தால் அது நோட்டீஸ். கோர்ட்டின் பெயரும் வழக்கு எண்ணும் முத்திரையும் இருந்தால், "ரிட் சமான்" என்று போட்டிருந்தால், வழக்கே தொடங்கிவிட்டது. அங்கேயும் 14 நாள் என்றுதான் வரும், ஆனால் அது வேறு 14 நாள். அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும், செய்யவேண்டியதும் வேறு. லாயருக்குப் போன் செய்வதோ பதில் கடிதம் எழுதுவதோ அதற்குப் பதிலாகாது. "மெமொராண்டம் கெஹாடிரான்" என்ற படிவத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டும், அதன் பிறகு எதிர்வாதம். செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதென்றால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மனுப் போடவேண்டும். சமான் என்றால் நான் படித்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, அன்றே லாயரிடம் அனுப்பிவிடுவேன். வசதி இல்லாதவர்கள் ஈப்போவில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அக்காவுக்கு அந்த மாதக் கடைசியில் பதில் வந்தது. டிசம்பர் வாடகையை ஒத்துக்கொண்டார்கள், நோட்டீஸ் செலவை மட்டும் ஏழு நாளில் கட்டச் சொன்னார்கள். இந்தத் தடவை கடிதத்தைப் பிரித்ததும் அவர் எடுத்தது 555 புத்தகத்தைத்தான். "தம்பி, இதுல பெனெரிமாஆன்னு இருக்கு" என்று போனில் சொன்னார்.