பச்சைப் பட்டைக்குள்ளேயே சரியும் குழந்தை: இசட் ஸ்கோர் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றின் பதிவேட்டில் இப்படி ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண் குழந்தை, நிறைமாதப் பிரசவம். 6 மாதத்தில் 7.9 கிலோ, 9 மாதத்தில் 8.0, 12 மாதத்தில் 7.9. மூன்று தடவையும் புள்ளி வளர்ச்சி வரைபடத்தின் பச்சைப் பட்டையில்தான் விழுந்திருக்கிறது. மூன்று தடவையும் எதிரே "நார்மல்" என்று எழுதியிருக்கிறது.

இதையே உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தில் வைத்துப் பார்த்தால், நடுக்கோட்டிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் மேலே அல்லது கீழே என்று சொல்லும் எண்ணான இசட் ஸ்கோர், வயதுக்கேற்ற எடைக்கு 6 மாதத்தில் ஏறக்குறைய 0, 9 மாதத்தில் -0.98, 12 மாதத்தில் -1.82. நடுக்கோட்டில் இருந்த பிள்ளை ஆறே மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு கோடு கீழே வந்துவிட்டான். எடைக்குறைவின் எல்லையான -2-ஐத் தொடாததால் யார் கண்ணிலும் படவில்லை.

அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஒரு நாள் எடுத்த அளவு -2-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கேள்வி. போன அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது வேறு கேள்வி. வளர்ச்சி தடைப்படுவதை இரண்டாவது கேள்விதான் காட்டிக்கொடுக்கும். நன்றாக இருக்கும் குழந்தைகளிலும் நூற்றில் இரண்டு பேர் -2-க்குக் கீழேதான் இருப்பார்கள். பிறந்ததிலிருந்தே -2.1-இல் தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஒல்லிப் பிள்ளையைவிட, 0-விலிருந்து -1.82-க்குச் சரிந்தவன்தான் அவசரம். ஒரு முழு இசட் அளவுக்கு இறங்கினாலே நின்று விசாரிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் இருந்த எடை குறையாததால் "அப்படியேதான இருக்கான்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில் நடுக்கோட்டுப் பிள்ளை 1.7 கிலோ ஏறியிருப்பான். அப்படியே இருப்பதுதான் இங்கே சரிவு.

சரிவு என்று முடிவுகட்டும் முன் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் உண்டு. ஒரு மாதம் அவற்றோடு நிறுத்து, அடுத்த மாதம் கழற்றி நிறுத்தால் இல்லாத சரிவு தெரியும். நனைந்த டயபர் மட்டுமே 200 கிராம் இருக்கலாம். ஒரு வயதில் ஒரு இசட் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக அந்த 200 கிராம் 0.2 இசட். துணியில்லாமல், தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். கழற்ற முடியாத நகை இருந்தால் அதைக் குறித்துவைத்தால் அடுத்த முறை ஒப்பிட முடியும். வயிற்றுப்போக்கில் வாடிப்போன நாளில் எடுத்த எடையை வைத்தும் முடிவுக்கு வரக் கூடாது.

எடையைவிட அதிகம் ஏமாற்றுவது நீளம். அதே பையனுக்கு 12 மாதத்தில் நீளம் 70.0 செ.மீ. என்று எழுதியிருக்கிறது. வயதுக்கேற்ற நீளம் -2.4. நீளத்துக்கேற்ற எடை -0.8. இதைப் படிப்பவர் "குட்டையான பிள்ளை, ஆனால் உயரத்துக்குத் தக்க எடை இருக்கு, குடும்பவாகு" என்று முடித்துவிடுவார். ஆனால் 9 மாதப் பக்கத்தைத் திருப்பினால் நீளம் 71.0. குழந்தை ஒரு செ.மீ. சுருங்காது. முழங்கால் மடங்கியிருக்கிறது, அல்லது தலை பலகையின் மேல்முனையைத் தொடவில்லை.

திரும்ப அளந்தால் 73.0. ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, கண்பார்வை நேரே மேலே இருக்க, இன்னொருவர் இரண்டு முழங்காலையும் மெல்ல அழுத்தி, பாதம் நிமிர்ந்திருக்கும்போது நகரும் பலகையைக் குதிகாலுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு முறை அளந்து, 0.5 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறை. ஒற்றை ஆளாக அளப்பது பெரும்பாலும் நீளத்தைக் குறைத்தே காட்டும். இப்போது வயதுக்கேற்ற நீளம் -1.2, நீளத்துக்கேற்ற எடை -1.7. படமே தலைகீழ். பையன் குட்டை இல்லை, மெலிகிறான். எடை முதலில் இறங்கி நீளம் பின்னால் வருவது, உள்ளே போகும் சாப்பாடு போதாததையோ, உடம்பில் சேராததையோ பார்க்கச் சொல்லும். எடைக்கு முன்பே நீளம் மட்டும் பின்தங்கினால் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் என்று தேடும் வழி வேறு. மூன்று செ.மீ. பிழை ஆளைத் தவறான தெருவுக்கு அனுப்பிவிடும்.

இரண்டு வயது வரை படுக்கவைத்து, அதன்பின் நிற்கவைத்து. இரண்டு வயதுக்குக் கீழே உள்ளதை நிற்கவைத்துத்தான் அளக்க முடிந்தது என்றால் 0.7 செ.மீ. கூட்டவும். மேலே உள்ளதைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழிக்கவும்.

வயதில் நடக்கும் பிழை சத்தமில்லாதது. "ஆடியில பொறந்தான், ஒரு வயசு ஆச்சு" என்பதை 12 மாதம் என்று போடக் கூடாது. பிறந்த தேதியைத் தாய் சேய் நல அட்டையில் பார்த்து நாள் கணக்கில் எடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு 40 வாரத்துக்குக் குறைந்த வாரங்களை இரண்டு வயது வரை கழிக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை 6 மாதத்தில் 5.8 கிலோ என்றால் -1.9 என்று வரும். எட்டு வாரத்தைக் கழித்து நான்கு மாதத்தில் வைத்தால் ஏறக்குறைய -0.8. ஒரு மாதம் கழித்தும் அடுத்த மாதம் கழிக்காமலும் போட்டால் அந்த வரைபடத்தை யாராலும் படிக்க முடியாது.

இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் எடையின் இசட் ஸ்கோரை நம்பக் கூடாது. அது நீரின் எடை. அந்தக் குழந்தையை எண் பார்க்காமல் உடனே அனுப்ப வேண்டும். 6 மாதத்துக்கு மேல் 5 வயதுக்குள் நடுக்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே.

எழுதுவதில் "எடை குறைவு, சத்தாகக் கொடுக்கச் சொல்லப்பட்டது" என்ற ஒரு வரியால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. கழித்தல் குறி விட்டுப்போவதும், நூறு பேரில் கீழிருந்து மூன்றாவது இடம் எனும் மூன்றாவது சென்டைலை "3" என்று எழுத அடுத்தவர் அதை இசட் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும். இந்தப் பையனுக்கு எழுத வேண்டியது இவ்வளவு:

"வயது 12 மாதம் 2 நாள், நிறைமாதம். எடை 7.90 கிலோ, துணியின்றி, அரைஞாண் கழற்றி. நீளம் 73.0, படுக்கவைத்து, இருமுறை. உலக சுகாதார நிறுவனத் தரம், ஆண். வயதுக்கேற்ற எடை -1.82, 6 மாதத்தில் 0, 9 மாதத்தில் -0.98. வயதுக்கேற்ற நீளம் -1.2. நீளத்துக்கேற்ற எடை -1.7. கால் வீக்கம் இல்லை. ஒரு நாளைக்கு இருவேளை நீர்த்த கஞ்சி, பிஸ்கெட் கரைத்த பால் மூன்று டம்ளர். பருப்பு, முட்டை, எண்ணெய் இல்லை. 9 மாதத்துக்குப் பின் இருமுறை வயிற்றுப்போக்கு. ஆறு மாதத்தில் எடை 1.8 இசட் சரிவு. மருத்துவரிடம் அனுப்பப்பட்டது. மறு எடை: இரண்டு வாரத்தில், இதே தராசில்."

"நல்லா சாப்பிடுறான்" என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதினால் அந்தக் கஞ்சியும் பிஸ்கெட்டும் வெளியே வந்திருக்காது. எத்தனை வேளை, எவ்வளவு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகுமா ஒட்டுமா என்று கேட்க வேண்டும்.

பழைய 70.0-ஐ வெள்ளை மை பூசி மறைக்க வேண்டாம். ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் "முழங்கால் மடங்கியிருந்தது, மறு அளவு 73.0" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். ஆப்பில் ஏற்றியது 70.0 என்றால் அங்கேயும் திருத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் அவன் திடீரென்று மூன்றரை செ.மீ. வளர்ந்தவனாகத் தெரிவான்.