முன்னறைக் கடை: பணம் எங்கே முடங்குகிறது

சேலத்தில் அம்மாபேட்டை, குகைப் பக்கம் ஏதாவது ஒரு சந்துக்குள் நடந்து பாருங்கள். வீட்டு முன்னறைக்கு ஷட்டர் போட்டு நடக்கிற கடை ஒன்று இருக்கும். நாலு வீடு தள்ளி, அதே மாதிரி ஷட்டர் போட்டு, இப்போது உள்ளே பைக் நிறுத்தியிருக்கிற வீடு ஒன்றும் இருக்கும். புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் வந்து பேசும்போது இந்த இரண்டாவது வீடுதான் எனக்கு ஞாபகம் வரும். கல்லாவைத் திறந்து போடாதே, தராசைச் சரியாக வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

லிஸ்ட் எழுதிக்கொண்டு செவ்வாய்பேட்டைக்குப் போவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான். கடை திறக்க நாள் குறித்தாகிவிடும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மாதாந்திர மளிகைச் சீட்டு மாதிரி ஒரு லிஸ்ட் போடுவார்கள். செவ்வாய்பேட்டை மொத்தக் கடையில் அரிசிச் சிப்பம், துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய், சோப்பு என்று வண்டி நிறைய ஏற்றி வருவார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "ரேக்கு காலியாக் கெடந்தா பாக்கறவங்க என்னங்க நெனைப்பாங்க?"

ரேக்கைப் பார்க்க யாரும் வருவதில்லை. வீட்டில் பால் திரிந்துபோனதால் வருகிறார்கள். மாதச் சாமானை மக்கள் சம்பளத்தன்று பெரிய கடையில் விலை பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் ரேஷன் கடை இருக்கிறது. அரிசி அங்கே இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த விலையோடு உங்கள் முன்னறை எப்படி மோதும்? ரேஷன் பருப்பு தீர்ந்த கடைசி வாரத்தில் கால் கிலோ கேட்டு வருவார்கள். அதற்கு ரெண்டு கிலோ இருந்தால் போதும், மூட்டை வேண்டாம்.

அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பத்துக்கு எட்டு அறையில் இப்படித்தான் தொடங்கினார். சீட்டு எடுத்த பணத்தில் முக்கால்வாசி சரக்காக மாறிவிட்டது. முதல் வாரம் அமோக வியாபாரம். நாத்தனார், சம்பந்தி வீடு, பழைய பக்கத்து வீடு என்று எல்லோரும் வந்து வாங்கினார்கள். அது வியாபாரம் இல்லை, மொய். அதை நம்பி அவர் இரண்டாவது லோடும் இறக்கினார். மூன்றாவது வாரம் சொந்தங்கள் வருவது நின்றது, கோதுமை மாவில் வண்டு வந்தது.

அவர் சரக்கில் இரண்டை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டோம். (விலைகள் அன்றைய நிலவரம், உங்கள் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு சிப்பம் அரிசி 1,400 ரூபாய். சில்லறையாக விற்றுத் தீர ஒரு மாதம் ஆனது, கிடைத்தது 75 ரூபாய். முட்டை ஒரு அட்டை, முப்பது முட்டை, 180 ரூபாய். முட்டை ஏழு ரூபாய்க்கு விற்றால் அட்டைக்கு 30 ரூபாய் நிற்கும். தினம் ஒரு அட்டை ஓடியது. உடைசலைக் கழித்தாலும் மாதம் 800 ரூபாய்க்குக் குறையவில்லை. அதற்கு முடங்கிய பணம் எந்த நாளிலும் 180 ரூபாய்தான். சாயங்காலம் விற்ற காசிலேயே மறுநாள் அட்டை வந்துவிடுகிறது.

அப்படியானால் எதை வாங்கி வைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஷட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு முழு வாரம் திண்ணையில் உட்காருங்கள். சனி, ஞாயிறு கட்டாயம் அதில் வரவேண்டும். பைக்கில் போகிறவர்களை எண்ணாதீர்கள், அவர்கள் உங்களுக்காக நிற்கப்போவதில்லை. நடந்து போகிறவர்களை மட்டும் பாருங்கள். அதிலும் மெயின் ரோட்டுக்கு வெறுங்கையோடு போய், பையோடு திரும்பி வருகிறவர்களைக் கவனியுங்கள். அந்தப் பையில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் சரக்கு. முகம் தெரிந்தவராக இருந்தால் "என்ன அக்கா, இந்நேரத்துக்கு ரோட்டுக்குப் போய்ட்டு வரீங்க?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அக்காவை அப்படி உட்கார வைத்தேன். நோட்டில் நேரம் போட்டு எழுதினார். காலை ஆறிலிருந்து எட்டு வரை பால் பாக்கெட், கறிவேப்பிலை கொத்தமல்லிக் கட்டு. எட்டு மணிக்குப் பக்கத்துத் தறிப்பட்டறையில் ஷிப்ட் மாறும். இறங்கி வருகிற ஆட்களுக்கு பன், ஷாம்பு பாக்கெட். நாலரைக்குப் பள்ளிப் பிள்ளைகள், கையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். ஆறு மணிக்கு மேல் இட்லி மாவும் முட்டையும். சனிக்கிழமை ராத்திரி பட்டறையில் கூலி கைக்கு வரும். ஞாயிறு காலையில் கறி எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இஞ்சி, பூண்டு, தேங்காய், கறிமசாலாப் பாக்கெட். லிஸ்ட் போட்ட அன்று இதில் பாதிகூட யாருக்கும் தோன்றவில்லை. அரிசியோ எண்ணெய் டின்னோ அந்த நோட்டில் ஒருமுறைகூட வரவில்லை.

மாவு அவர் வீட்டு கிரைண்டரிலேயே ஆட்டுவது. முதல் வாரம் ரெண்டு கிலோ அரிசிக்கு மேல் ஊற வைக்காதீர்கள் என்று சொன்னேன். எட்டரைக்குள் தீர்ந்தால் மறுநாள் அரைக் கிலோ கூட்டலாம். மிஞ்சினால் காலையில் வீட்டுக்கு தோசை. மிஞ்சிய மாவை மறுநாள் சாயங்காலம் புதுசோடு கலந்து விற்கத் தோன்றும். ஒருமுறை புளித்துப்போனால் அந்த வீடு திரும்ப உங்கள் படி ஏறாது.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. ஆடி மாதத்தில் கணக்கெடுக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் ஊரே வேறு மாதிரி வாங்கும். கூழுக்கு ராகி மாவு, எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம் என்று நோட்டு நிரம்பும். அதை நம்பிச் சரக்கு எடுத்தால் ஆவணியில் அப்படியே நிற்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பிரிக்காத மூட்டையை அந்த வாரமே மொத்தக் கடைக்குத் திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். நாள் போனால் பேச முடியாது. பிரித்ததை உங்கள் வீட்டிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

ஸ்கீம்

லைனில் வருகிற சேல்ஸ்மேன் "டஜன் எடுத்தா ஒண்ணு ஃப்ரீங்க" என்பார். ஒரு டஜன் தீர உங்கள் தெருவுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள், அப்புறம் தேதி அச்சடித்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள்.

தட்டுவடை செட்

சேலத்துக்காரர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை. பீட்ரூட், கேரட் சீவ ஓர் ஆள், சட்னி அரைக்க ஓர் ஆள் வேண்டும். மிஞ்சிய சட்னி மறுநாளைக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல் செட் வாங்குகிறவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆறடிச் சந்தில் நாலு பேர் தட்டோடு நின்றால் எதிர்வீட்டுக்காரர் வண்டியை எங்கே எடுப்பார்? தட்டுவடையைப் பாக்கெட்டாக வாங்கி விற்றால் இந்த வம்பு இல்லை.

வீட்டு மீட்டர்

கடைக்கு வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். வணிக இணைப்பு தனி.

கேரி பேக்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

படி

பழைய வீடுகளில் முன்னறை தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் இருக்கும். கல்லாவை உள்சுவர் ஓரமாகப் போட்டுவிட்டு வாடிக்கையாளர் ஏறி வருவார் என்று நினைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள பாட்டி ஏறமாட்டார். செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று தயங்குகிற ஆளும் ஏறமாட்டார், எப்படியானாலும் அது ஒரு வீடுதானே. மேஜையை வாசல் ஓரத்துக்கே இழுத்துப் போடுங்கள். தெருவில் நின்றபடியே கை நீட்டிப் பாலை வாங்கிப் போகிற உயரம் வேண்டும். முட்டை அட்டையை மட்டும் அந்த ஓரத்தில் வைக்காதீர்கள். பள்ளி விடுகிற நேரத்தில் பை இடித்துத்தான் பாதி உடைசல்.